கடல் பாம்புக் கடி கேஸ் ரிப்போர்ட்: நடந்த வரிசையும் தெரியவந்த வரிசையும்

கேள்வி: "ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். கடல் பாம்பு கடித்த மீனவர் ஒருவரைப் பற்றி என் முதல் கேஸ் ரிப்போர்ட்டை எழுதி அனுப்பினேன். 'எது எப்போது நடந்தது என்று புரியவில்லை, கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை' என்று திரும்பி வந்துவிட்டது. ஆங்கிலத்தைத் திருத்தினால் போதுமா, முழுதாக மாற்றி எழுத வேண்டுமா? முக்கியப் பத்தியைத் தமிழில் சுருக்கிப் போடுகிறேன்: '45 வயது மீனவர், ஹைட்ரோஃபிஸ் ஷிஸ்டோசஸ் கடல் பாம்புக் கடியால் வந்த ராப்டோமயோலைசிஸ், சிறுநீரகச் செயலிழப்புடன் சேர்க்கப்பட்டார். சி.பி.கே. 38,000, பொட்டாசியம் 6.4, கிரியேட்டினின் 3.1. நான்கு முறை டயாலிசிஸ் செய்யப்பட்டது. முந்தைய நாள் வேறொரு மருத்துவமனையில் சிறுநீரகக் கல் என்று டைக்ளோஃபெனாக் ஊசி போட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் இமை தொங்கியது. விசாரித்ததில், வலையில் சிக்கிய ஒரு பாம்பைக் கடலில் எறிந்ததாக உடன் போனவர் சொன்னார்; மீன் கழற்றும்போது விரலில் ஏதோ குத்தியது நோயாளிக்கும் நினைவுக்கு வந்தது. ஏ.எஸ்.வி. 10 குப்பி போட்டதும் நல்ல முன்னேற்றம். கடல் பாம்புக் கடி ஆபத்தானது, உடனே சிகிச்சை தேவை.'"

ஆங்கிலத்தில் கை வைக்காதீர்கள், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பத்தியில் தகவல் எல்லாமே இருக்கிறது. அது நீங்கள் தெரிந்துகொண்ட வரிசையிலும் இல்லை, நோயாளிக்கு நடந்த வரிசையிலும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி எழுதும் வரிசையில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் முதலில் வரும், ஏனென்றால் அதைப் படிக்கப்போகிறவருக்கு முடிவு மட்டும் போதும். கேஸ் ரிப்போர்ட் படிக்கிறவர் அப்படியில்லை. அவர் உங்கள் கேஷுவாலிட்டியில் உங்களுக்குப் பக்கத்தில் நின்று, உங்களுக்கு அப்போது தெரிந்தது மட்டும் தனக்கும் தெரிந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசிக்க விரும்புகிறார். முதல் வரியிலேயே கடல் பாம்பு என்று சொல்லிவிட்டால் அவருக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. அப்புறம் சிறுநீரகக் கல் என்று நினைத்த டாக்டரைப் பார்த்து, இதுகூடத் தெரியாதா என்று சிரிக்கத்தான் தோன்றும்.

நான் பொது மருத்துவம் படித்தவன். இந்தக் கடற்கரையில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன், மாணவர்கள் எழுதிய கேஸ் ரிப்போர்ட்டுகளைத் திருத்தியும் இருக்கிறேன். உங்கள் கேஸ் ஷீட்டை நான் பார்த்ததில்லை. அதனால் கீழே நான் போடும் மணிக்கணக்கு, உங்கள் பத்தியை வைத்து வரைந்த மாதிரி மட்டும்தான். நிஜ நேரங்களை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

ஒவ்வொரு கேஸிலும் இரண்டு வரிசைகள் இருக்கின்றன. ஒன்று, நோயாளியின் உடம்பில் நடந்த வரிசை. இன்னொன்று, அது உங்களுக்குத் தெரியவந்த வரிசை. சாதாரணக் காய்ச்சல் கேஸில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஓடும். உங்கள் கேஸில் அப்படி இல்லை. விரலில் குத்தியது எல்லாவற்றுக்கும் முதலில் நடந்தது, உங்களுக்கோ அது கடைசியில்தான் தெரிந்தது. உங்கள் கேஸே இந்த இடைவெளிதான். நீங்கள் இரண்டு வரிசைகளையும் ஒரே பத்தியில் கலந்துவிட்டதால்தான் படித்தவருக்குத் தலை சுற்றியிருக்கிறது.

இதற்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. கேஸ் ரிப்போர்ட் எழுதுவதற்காக 2013இல் வெளியான கேர் வழிகாட்டுதலைப் பல ஜர்னல்கள் கேட்கின்றன. அதில் நோயாளி பற்றிய தகவல், பரிசோதனையில் கண்டது, காலவரிசை, நோயறிதல், சிகிச்சை, பின்தொடர்தல், விவாதம் என்று தனித்தனியாக வருகின்றன. காலவரிசையை ஏன் தனியாகக் கேட்கிறார்கள் என்று பலருக்குப் புரிவதில்லை. 'மேலே எழுதியதையே மறுபடி அட்டவணையாகப் போடச் சொல்கிறார்களே' என்று அலுத்துக்கொள்வார்கள். அது மறுபடி எழுதுவது ஆகாது. கதைப் பகுதி தெரியவந்த வரிசையில் போகட்டும், அட்டவணை நடந்த வரிசையில் போகட்டும் என்பதற்காகத்தான் இரண்டு இடம். இந்தப் பிரிவினை மனதில் பதிந்துவிட்டால் உங்கள் ரிப்போர்ட்டில் பாதி தானாகவே சரியாகிவிடும்.

முதலில் அட்டவணையை எழுதுங்கள், கதையைத் தொடாதீர்கள். அட்டவணைக்கு ஒரு பூஜ்யம் வேண்டும். உங்கள் பத்தியில் 'முந்தைய நாள்' என்று ஒன்று, 'இரண்டாம் நாள்' என்று ஒன்று வருகிறது. எதற்கு முந்தைய நாள்? எதிலிருந்து இரண்டாம் நாள்? வலியிலிருந்தா, உங்களிடம் சேர்ந்ததிலிருந்தா? நீங்கள் வார்டில் இருந்ததால் உங்களுக்கு அது தெளிவு, படிப்பவருக்கு இருட்டு. நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். ஒரு கேஸில் 'மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது' என்று எழுதினேன். அது காய்ச்சலின் மூன்றாம் நாளா, அட்மிஷனின் மூன்றாம் நாளா என்று ஒரு வருடம் கழித்து ஒருவர் கேட்டார். எனக்கே சொல்லத் தெரியவில்லை, கேஸ் ஷீட்டை ரெக்கார்டு ரூமில் தேடி எடுக்க வேண்டியதாகிவிட்டது.

விஷக்கடியில் பூஜ்யம் என்றால் கடித்த நேரம்தான். வேறு எதை வைத்தாலும் கணக்கு உதவாது. இனி நாளை விட்டுவிட்டு மணியில் எண்ணுங்கள். உதாரணமாக, நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு வலையில் மீன் கழற்றும்போது வலது மோதிர விரலில் குத்து, இது பூஜ்யம். வலி பெரிதாக இல்லை, வேலையைத் தொடர்ந்தார். ஒன்றரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, நாக்கு தடித்த மாதிரி உணர்வு. நாலாவது மணியில் கரை சேர்ந்தபோது கழுத்தும் தொடையும் விறைத்து, படகிலிருந்து இறங்க ஆள் தூக்கிவிட வேண்டியிருந்தது. ஏழாவது மணியில் டிக்காஷன் நிறத்தில் சிறுநீர். பத்தாவது மணியில் முதல் மருத்துவமனை, அங்கே டைக்ளோஃபெனாக். இருபத்திரண்டாவது மணியில் வாந்தி, சிறுநீர் குறைவு, இமை தொங்கியதை வீட்டில் கவனித்தார்கள், ஆனால் தூக்கமில்லாததால் என்று நினைத்தார்கள். இருபத்தெட்டாவது மணியில் உங்களிடம் வந்தார். முப்பதாவது மணியில் உடன் போனவர் வந்து பேசினார்.

இப்படி வைத்ததும் என்ன தெரிகிறது பாருங்கள். ஒன்று, 'இரண்டாம் நாள் இமை தொங்கியது' என்று நீங்கள் எழுதியது உங்களிடம் வந்த பிறகு புதிதாக வந்ததாக இருக்க வாய்ப்பில்லை. அது வீட்டிலேயே இருந்தது, நீங்கள் பார்த்தது அப்போதுதான். உங்கள் கேஸில் இது உண்மையா என்று குடும்பத்திடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு, முதல் மருத்துவமனைக்குப் போனபோது இமை தொங்கல் இல்லை. ஆகவே அந்த டாக்டர் முன்னால் இருந்தது வலியும் நிறம் மாறிய சிறுநீரும் மட்டும்தான். மூன்று, சி.பி.கே. 38,000 என்பது இருபத்தெட்டாவது மணி எண். தசை சிதையத் தொடங்கிய சில மணி நேரத்தில் இது ஏற ஆரம்பித்து, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சம் தொடும். சிதைவு நின்றபின் ஏறக்குறைய ஒன்றரை நாளுக்கு ஒருமுறை பாதியாகும். மணி இல்லாமல் எண்ணை மட்டும் போட்டால் அது ஏறுமுகமா இறங்குமுகமா என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்தடுத்த மூன்று நான்கு அளவுகளை மணியோடு போடுங்கள், அது போதும். முழு லேப் ரிப்போர்ட்டையும் கொட்ட வேண்டாம்.

அட்டவணைக்கு மூன்று நெடுவரிசை வையுங்கள். முதலில் மணி, அடுத்து நடந்தது, மூன்றாவதாக இது யார் சொல்லி எப்போது தெரிந்தது. இந்த மூன்றாவது நெடுவரிசையைக் கேர் கேட்பதில்லை, என் பழக்கம். பூஜ்யத்துக்கு நேராக 'உடன் போனவர், முப்பதாவது மணியில்' என்று அங்கே எழுதிப் பார்க்கும்போது உங்கள் கேஸின் சாரம் உங்களுக்கே பளிச்சென்று தெரியும். அச்சுக்குப் போகும்போது அந்த நெடுவரிசையை எடுத்துவிட்டாலும் சரி.

இனி கதைப் பகுதி. இது நோயாளி உங்கள் வாசலில் வந்து நின்ற நொடியில் தொடங்க வேண்டும். நோயின் பெயர் வரக்கூடாது. பாம்பு வரக்கூடாது. இப்படித் தொடங்கலாம்: "நாற்பதுகளில் உள்ள மீனவர் ஒருவர், ஒரு நாளுக்கும் மேலாக உடம்பு முழுவதும் தசை வலி, கருத்த சிறுநீர், ஆறு மணி நேரமாகக் குறைந்துவரும் சிறுநீர் ஆகியவற்றோடு வந்தார். காய்ச்சல் இல்லை. அடிபடவில்லை, கடுமையான வேலை எதுவும் செய்யவில்லை என்றார். பாம்பு, பூச்சி எதுவும் கடிக்கவில்லை என்றார். இதற்கு முன் ஒரு மருத்துவமனையில் இடுப்பு வலியும் சிறுநீர் நிறமும் கண்டு கல் சந்தேகித்து வலி ஊசி போட்டிருந்தார்கள். ஸ்கேனில் கல் இல்லை." இந்த ஐந்தாறு வரிகளில் படிப்பவர் உங்களோடு உட்கார்ந்துவிட்டார். 'கடிக்கவில்லை என்றார்' என்பது மிக முக்கியமான வரி, அதை விட்டுவிடாதீர்கள். கேட்டீர்கள், இல்லை என்றார் என்பதும் ஒரு தகவல்தான். ஒருவேளை நீங்கள் கேட்கவே இல்லை என்றால், கேட்டதாக எழுதிவிடாதீர்கள். 'கடி பற்றி முதலில் கேட்கப்படவில்லை' என்று நேராக எழுதுங்கள். அதுவே உங்கள் ரிப்போர்ட்டைக் காப்பாற்றும் வரியாகவும் ஆகலாம்.

அடுத்து பரிசோதனை. எல்லா உறுப்பையும் வரிசையாகச் சொல்லாமல், முடிவுக்கு உதவியதையும் முடிவுக்கு எதிராக நின்றதையும் சொல்லுங்கள். தொடையையும் புஜத்தையும் தொட்டாலே வலி, நாமே கையை மடக்கினாலும் வலி, வாய் முழுதாகத் திறக்கவில்லை, இரண்டு இமைகளும் பாதி தொங்கல், கால் கைகளில் வீக்கம் இல்லை. அப்புறம் சிறுநீர். இங்கேதான் ரிப்போர்ட்டின் திருப்புமுனை இருக்கிறது, நீங்கள் அதை எழுதவே இல்லை. டிப்ஸ்டிக்கில் ரத்தம் மூன்று பிளஸ், மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு இல்லை, இதை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ரத்தப் பட்டை ஹீமோகுளோபினுக்கும் நிறம் மாறும், தசையிலிருந்து வரும் மயோகுளோபினுக்கும் மாறும். சிவப்பணு இல்லாமல் பட்டை மட்டும் மாறினால் கல்லை நினைப்பது கஷ்டம், தசையைத்தான் நினைக்க வேண்டும், அல்லது ரத்த அணு சிதைவை. இதற்குப் பிறகு சி.பி.கே. 38,000 வந்தால் அந்த எண்ணுக்கு ஓர் அர்த்தம் வருகிறது. உங்கள் பத்தியில் அது இரண்டாவது வாக்கியத்திலேயே வந்து அநாதையாக நிற்கிறது.

பொட்டாசியம் 6.4 என்பதை நோயறிதலோடு சேர்க்காதீர்கள். அது அவசரம், அதற்கு என்ன செய்தீர்கள் என்பதோடு சேர்ந்து சிகிச்சையில் வரட்டும். ஈ.சி.ஜி.யில் மாற்றம் இருந்ததா, கால்சியம் எத்தனையாவது மணியில் போட்டீர்கள், டயாலிசிஸ் எப்போது தொடங்கியது என்று இரண்டு வாக்கியம் போதும். டயாலிசிஸ் நுணுக்கங்களில் நான் கருத்துச் சொல்லத் தகுதியானவன் இல்லை, அதை ஒரு நெஃப்ராலஜிஸ்ட் படித்துப் பார்க்கட்டும்.

இப்போது நோயறிதல். இந்தப் பகுதியில் உங்கள் பத்தி ஒரு பெரிய தாவல் தாவுகிறது. தசை சிதைந்திருக்கிறது, இமை தொங்குகிறது, கடல் பாம்பு என்று முடித்துவிட்டீர்கள். நடுவில் படிப்பவர் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. நம் பக்கத்துத் தரைப் பாம்பு ஏன் இல்லை? கட்டுவிரியன் கடித்தாலும் கடிவாயில் வலி பெரிதாக இருக்காது, இமை தொங்கும். ஆனால் கட்டுவிரியன் கடியில் சிறுநீர் இப்படிக் கருத்து, உடம்பு முழுவதும் தசை வலிப்பது முக்கிய அடையாளம் இல்லை. கண்ணாடி விரியன் இதைவிடச் சிக்கல். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கண்ணாடி விரியன் கடித்தவர்களுக்கு இமை தொங்குவதும் உண்டு, தசை சிதைந்து சிறுநீர் கருப்பதும் உண்டு, சிறுநீரகம் கெடுவதும் உண்டு. உங்கள் நோயாளியிடம் இருந்த மூன்றுமே அதிலும் வரலாம். அப்படியென்றால் எதை வைத்துப் பிரித்தீர்கள்? கண்ணாடி விரியன் கடித்தால் கடிவாய் வீங்கி வலிக்கும், ரத்தம் உறையாமல் போகும். 20 நிமிட ரத்த உறைவுப் பரிசோதனை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் செய்யக்கூடியது. அதைச் செய்து, ரத்தம் சாதாரணமாக உறைந்திருந்தால், அந்த ஒரு வரி உங்கள் நோயறிதலின் தூண். கேஸ் ஷீட்டில் அது கட்டாயம் இருக்கும், தேடுங்கள். செய்யவில்லை என்றால் பி.டி., ஐ.என்.ஆர். இருக்கிறதா பாருங்கள். இரண்டுமே இல்லை என்றால் உங்கள் முடிவின் உறுதியைக் குறைத்து எழுத வேண்டியிருக்கும்.

உடன் போனவர் பேசியதை இந்தப் பகுதியின் முடிவில் வையுங்கள், ஏனென்றால் அது உங்களுக்கு அங்கேதான் வந்தது. "முப்பதாவது மணியில், அதே படகில் சென்ற உறவினர், அன்றிரவு வலையில் ஒரு பாம்பும் சிக்கியதாகவும் அதைக் கடலில் எறிந்ததாகவும் சொன்னார். இதைக் கேட்டபின் நோயாளி, மீன் கழற்றும்போது விரலில் ஏதோ குத்தியதையும் அதைக் கெளுத்தி முள் என்று நினைத்ததையும் நினைவுகூர்ந்தார். விரலை மறுபடி பார்த்தபோது இரண்டு சிறு புள்ளிகள் தெரிந்தன, வீக்கம் இல்லை." இந்த மூன்று வரிகளில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். அவர் பொய் சொல்லவில்லை. பாம்பு கடித்ததா என்று கேட்டீர்கள், கடிக்கவில்லை என்றுதான் அவருக்குத் தெரியும். கெளுத்தி முள் குத்தினால் உடனே உயிர் போகிற மாதிரி கடுக்கும், கை வீங்கும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. முள் என்ற அவர் எண்ணம் தவறு என்பதற்கு அதுவே சாட்சி, ஆனால் குத்திய இடம் வலித்ததா என்று யாரும் கேட்கவில்லை. கடல் பாம்புக் கடியில் கடிவாய் வலிக்காது என்பது மருத்துவத்துக்குப் புதிதில்லை. பினாங்கில் அலிஸ்டர் ரீட் என்ற மருத்துவர் 1950களிலிருந்து மீனவர்களிடம் பார்த்து எழுதிய விஷயம்தான். வலியில்லாத குத்து, அரை மணியிலிருந்து மூன்றரை மணிக்குள் தசை வலி, சில மணி நேரத்தில் கருத்த சிறுநீர் என்பது இன்றைய உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய வழிகாட்டுதலிலும் இருக்கிறது. உங்கள் அட்டவணையின் மணிகள் அதோடு பொருந்துகின்றனவா என்பதைத்தான் விவாதத்தில் நீங்கள் காட்ட வேண்டும்.

ஹைட்ரோஃபிஸ் ஷிஸ்டோசஸ் என்ற பெயரை எடுத்துவிடுங்கள். நம் கரைகளில் அதை வலக்கடியன் என்று சொல்கிற பழக்கம் உண்டு. ஒரு காலத்தில் அந்தத் தமிழ்ச் சொல்லையே வைத்து அறிவியல் பெயரும் சூட்டியிருந்தார்கள், அது வேறு கதை. வலையில் சிக்குவதிலும் கடிப்பதிலும் அது முன்னால் நிற்கிற பாம்பு என்பதும் சரிதான். ஆனால் உங்கள் கேஸில் பாம்பு கடலுக்குப் போய்விட்டது. யாரும் பிடித்துக் கொண்டுவரவில்லை, படம் எடுக்கவில்லை. நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது தசை சிதைவும் அதனால் சிறுநீரகச் செயலிழப்பும். 'பெரும்பாலும் கடல் பாம்புக் கடி' என்பது அடுத்த படி. எந்த இனம் என்பது தெரியாது. இந்த மூன்றையும் தனித்தனி வாக்கியங்களில், இந்த வரிசையில் எழுதுங்கள். சந்தேகத்தை ஒப்புக்கொண்டால் ரிப்போர்ட் பலவீனமாகிவிடும் என்று பயப்படாதீர்கள், நிரூபிக்காததை நிச்சயமாக எழுதினால்தான் திருப்பி அனுப்புவார்கள்.

அதேபோல் 'ஏ.எஸ்.வி. போட்டதும் நல்ல முன்னேற்றம்' என்ற வரி. இதை நான் பரிசீலித்திருந்தால் இங்கேயே பேனாவை வைத்திருப்பேன். இந்தியாவில் நமக்குக் கிடைக்கும் ஏ.எஸ்.வி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்துக்கு எதிராகத் தயாரிப்பது. கடல் பாம்பு அதில் இல்லை. கடல் பாம்புக்கான விஷமுறிவு மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது, நம் வார்டுகளில் அது இல்லை. உங்கள் நோயாளிக்கு எந்தப் பாம்பு என்று தெரியாத நேரத்தில் போட்டீர்கள், அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு. ஆனால் அதனால்தான் குணமானார் என்று படிக்கிறவர் நினைக்கும்படி எழுதினால், நாளை பாம்பன் பக்கம் ஒருவர் கடல் பாம்புக் கடிக்குக் குப்பி குப்பியாக ஏ.எஸ்.வி. ஏற்றிக்கொண்டு டயாலிசிஸுக்கு அனுப்பத் தாமதிப்பார். "கடித்தது எந்தப் பாம்பு என்று உறுதியாகாததால் முப்பத்திரண்டாவது மணியில் பலவகை ஏ.எஸ்.வி. 10 குப்பி தரப்பட்டது. இம்மருந்து கடல் பாம்பு விஷத்துக்கு எதிரானது அல்ல. இமை தொங்கல் அடுத்த இரண்டு நாட்களில் சரியானது. இதற்கும் மருந்துக்கும் தொடர்பு உண்டென்று சொல்ல முடியாது" என்று நான்கு வாக்கியம். நடந்ததை மறைக்கவில்லை, நடக்காததைச் சொல்லவும் இல்லை.

முதல் மருத்துவமனை விஷயத்திலும் ஒரு வார்த்தை. டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்கு நல்லதல்ல, மயோகுளோபின் அடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்னும் மோசம். அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த மருத்துவமனையின் பெயரோ ஊரோ அடையாளம் தரும் எதுவுமோ வேண்டாம். 'தவறாகக் கண்டறிந்தார்கள்' என்றும் எழுதாதீர்கள். பத்தாவது மணியில் அவர்களுக்குத் தெரிந்தது எது என்று அட்டவணையே சொல்லிவிடும். இடுப்பு வலி, கருத்த சிறுநீர், இமை சரியாக இருக்கிறது, பாம்பு என்று யாரும் சொல்லவில்லை. மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு பார்த்திருந்தால் வழி மாறியிருக்கும், அவ்வளவுதான்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்ற கேள்விக்கு வர முடியும். 'கடல் பாம்புக் கடி ஆபத்தானது, உடனே சிகிச்சை தேவை' என்பது யாருக்கும் தெரியாத செய்தி இல்லை. அதை எந்தக் கடியைப் பற்றியும் எழுதலாம். கற்றல் வரியைச் சோதிக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்று: இதைப் படித்துவிட்டு ஒரு டாக்டர் நாளைக் காலை ஓ.பி.யில் வேறு மாதிரி என்ன செய்வார்? உங்கள் அட்டவணையில் இரண்டு இடங்களில் கதை வேறு வழியில் போயிருக்க முடியும். ஒன்று பத்தாவது மணியில், டிப்ஸ்டிக்கையும் மைக்ராஸ்கோப்பையும் சேர்த்துப் பார்த்திருந்தால். இன்னொன்று இருபத்தெட்டாவது மணியில், 'பாம்பு கடித்ததா' என்பதற்குப் பதில் 'வலையில் கை வைக்கும்போது ஏதாவது குத்தியதா, குத்திய இடம் வலித்ததா' என்று கேட்டிருந்தால். ஆகவே கற்றல் வரி இப்படி வரலாம்: "கடலுக்குப் போய்வந்தவர் தசை வலியோடும் கருத்த சிறுநீரோடும் வந்து, டிப்ஸ்டிக்கில் ரத்தம் காட்டி சிவப்பணு இல்லையென்றால், கடித்ததா என்று கேட்காமல் வலையில் ஏதாவது குத்தியதா என்று கேட்க வேண்டும். குத்திய இடம் வலிக்கவில்லை என்பது கடல் பாம்புக்கு எதிரான சான்று அல்ல." ஏ.எஸ்.வி. பற்றிய வரியை இரண்டாவதாகச் சேர்க்கலாம். மூன்றாவது வேண்டாம். ஒரு நோயாளியை வைத்து ஐந்து பாடம் எடுத்தால் ஒன்றும் நிற்காது.

இந்த வரி கிடைத்ததும் திரும்பிப் போய் கதைப் பகுதியைப் பாருங்கள். கற்றல் வரியில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே ஓர் ஆதாரம் இருக்க வேண்டும். சிவப்பணு இல்லை என்பது பரிசோதனையில் இருக்கிறதா? முதலில் 'கடிக்கவில்லை' என்றார் என்பது இருக்கிறதா? குத்திய இடம் வலிக்கவில்லை என்பது? மறுபக்கமும் பாருங்கள். கற்றலுக்கும் உதவாமல், வேறு நோயை விலக்கவும் உதவாமல், நோயாளியின் போக்கைச் சொல்லவும் உதவாமல் நிற்கும் வாக்கியங்கள் இருந்தால் வெட்டுங்கள். கல்லீரல் என்சைம் உயர்ந்ததை எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஏ.எஸ்.டி. தசையிலிருந்தும் வரும், அதனால் அதைக் கல்லீரல் பாதிப்பு என்று தனியாகப் போடுவது குழப்பம்தான். தலைப்பையும் கடைசியில் வையுங்கள். 'கடல் பாம்புக் கடியில் ராப்டோமயோலைசிஸ்: ஒரு கேஸ் ரிப்போர்ட்' என்பதைவிட, 'மீன் முள் என்று நினைத்த குத்துக்குப் பின் கருத்த சிறுநீர்' என்ற சாயலில் இருந்தால் தெரியவந்த வரிசையைத் தலைப்பே காப்பாற்றும். சில ஜர்னல்கள் தலைப்பில் நோயறிதல் இருந்தே ஆக வேண்டும் என்பார்கள். அப்படியானால் தலைப்பில் கொடுத்துவிடுங்கள், ரிப்போர்ட்டுக்குள் வரிசையை மாற்றாதீர்கள்.

அடையாள விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம். நம் கரையில் ஒரு மீனவர் கிராமம், நாட்டுப்படகு, பாம்பு கடித்து டயாலிசிஸ் செய்த ஆள் என்று மூன்றும் சொன்னால் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை யார் என்று தெரிந்துவிடும். வயதை 'நாற்பதுகளில்' என்றும், ஊரை 'தென்கிழக்குத் தமிழகக் கடற்கரை' என்றும் மாற்றிவிடுங்கள். எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். அதில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், தமிழில் அந்த அட்டவணையை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். மறுபரிசோதனைக்கு அவர் வரும்போது படகில் கூட வந்தவரையும் அழைத்து வரச் சொல்லுங்கள். குத்திய நேரம் இரண்டு மணியா மூன்று மணியா என்று அவரிடம் நேராகக் கேட்டால் தெரியாது என்பார். எத்தனையாவது தடவை வலை வாங்கும்போது, அதற்கு முன் யாருக்காவது போன் போட்டீர்களா என்று கேளுங்கள். போனில் நேரம் இருக்கும். உங்கள் பூஜ்யம் அங்கேதான் கிடைக்கும். அது ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் கீழே உள்ள எல்லா மணிகளையும் மறக்காமல் மாற்றிவிட்டு அனுப்புங்கள்.